பெருமந்தக் கட்டுரை: இரண்டு பாதியா, ஒரே இழையா?

"1929-க்குப் பிந்தைய பொருளாதாரப் பெருமந்தம் சாதாரணக் குடும்பங்களையும் அரசியலையும் எவ்வாறு பாதித்தது?" வரலாற்றுத் தேர்வுகளில் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி இது. இதற்கு விடை எழுத முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. முதல் பாதியில் குடும்பம், அடுத்த பாதியில் அரசியல் என்று பிரித்து எழுதுவது ஒன்று. ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, அது வீட்டுக்குள்ளிருந்து நாடாளுமன்றம் வரை போகும் வழியை எழுதுவது இன்னொன்று. நான் தேர்வு எழுதியபோது இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். இப்போது மாணவர்களின் விடைத்தாள்களைப் படிக்கும்போதும் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

பாதி பாதியாக எழுதுவதன் வசதியைச் சொல்லிவிடுகிறேன். மனப்பாடம் செய்வது எளிது, நேரத்தைப் பங்கிடுவதும் எளிது, எதையும் விட்டுவிட மாட்டோம். வேலையிழப்பு, தள்ளிப்போன திருமணங்கள், வாடகை கட்ட முடியாமல் வீடிழந்தவர்கள் என ஒரு பக்கம். ரூஸ்வெல்ட்டின் வெற்றி, ஹிட்லரின் எழுச்சி, பிரிட்டனின் தேசிய அரசு என மறுபக்கம். சராசரி மதிப்பெண் கண்டிப்பாக வரும்.

சிக்கல் இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடத்தில்தான். அங்கே பெரும்பாலானோர் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுகிறார்கள்: "இவ்வாறு வேலையிழந்து பசியால் வாடிய மக்கள் விரக்தியில் ஹிட்லருக்கு வாக்களித்தனர்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெரிய அளவில் தவறு. "எவ்வாறு" என்று கேட்ட கேள்விக்கு விடை இருக்க வேண்டிய இடமே அதுதான் என்பதால், அங்கே சறுக்கினால் மற்ற பத்திகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கட்டுரை நிற்காது. இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஏன் தவறு? வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்றொரு சிறு ஊர். ஊரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது. பெருமந்தத்தில் ஆலை மூடப்பட்டது. 1930-களின் தொடக்கத்தில் ஒரு சமூகவியல் குழு அங்கே போய் மக்களைக் கவனித்தது. கையில் நேரம் கொட்டிக் கிடந்தும், நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்கள் குறைந்திருந்தார்கள். ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை இருந்ததால் அவர்கள் நடையில் வேகம் குறையவில்லை. கட்சி வேலைகளில் இருந்த ஆர்வமும் வடிந்திருந்தது. அதாவது நீண்ட வேலையின்மை அந்த ஊரைக் கொதிக்க வைக்கவில்லை, சோர வைத்தது. ஜெர்மனியிலும் 1932 தேர்தல் முடிவுகளைப் பகுதிவாரியாக அலசியவர்கள் இதையொட்டிய ஒன்றைத்தான் கண்டார்கள். வேலையில்லாத தொழிலாளர்கள் நாஜிகளைவிடக் கம்யூனிஸ்டுகள் பக்கமே அதிகம் போனார்கள். நாஜிகளுக்குத் தொழிலாளர் வாக்கு விழவே இல்லை என்பதல்ல, ஓரளவு விழுந்தது. ஆனால் அவர்களின் பலம் வேறு இடத்தில் இருந்தது.

சரி, அப்படியானால் குடும்பத்தின் கஷ்டம் அரசியலுக்குள் எப்படி நுழைந்தது? இங்கேதான் ஒரே இழையைப் பிடிக்கும் முறை உதவுகிறது. நான் பிடித்த இழை ஜெர்மனியின் வேலையின்மைக் காப்பீடு.

1927-இல் அந்தச் சட்டம் வந்தது. தொழிலாளியும் முதலாளியும் ஆளுக்குப் பாதியாகச் சந்தா கட்டுவார்கள். மொத்தம் கூலியில் 3 சதவீதம். வேலை போனால் வழக்கமாக 26 வாரம் உதவித்தொகை கிடைக்கும். சுமார் 8 லட்சம் பேருக்குக் கொடுக்கும் அளவில் போடப்பட்ட கணக்கு அது. 1930 தொடக்கத்தில் வேலையற்றோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. நிதியில் ஓட்டை விழுந்தது, அரசு கடன் கொடுத்துக் கொடுத்து அடைத்தது.

இப்போது ஒரு உலோகத் தொழிலாளியின் குடும்பத்தை கற்பனை செய்து கட்டுரையில் வைக்கலாம். அப்பாவுக்கு வேலை போகிறது. முதலில் காப்பீட்டுத் தொகை. அது அவர் சந்தா கட்டியதால் கிடைத்த உரிமை. அது முடிந்ததும் நெருக்கடி உதவி. அதற்கு வீட்டு நிலைமையைச் சோதிப்பார்கள். அதுவும் முடிந்தால் நகராட்சியின் ஏழை உதவி. இந்தக் கடைசிப் படியில் அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பார். பின்னாளில் வசதி வந்தால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. 1931 ஜூனில் வந்த அவசரச் சட்டம் 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களைக் குடும்பமே பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளியது, திருமணமான பெண்களின் உரிமையையும் சுருக்கியது. மகன், மகள், அம்மா என்று ஒவ்வொருவராக அப்பாவின் குறைந்துபோன தொகையைச் சார்ந்து உட்கார்ந்தார்கள். 1932-இல் சான்சலர் பாப்பனின் அரசு உரிமையாகக் கிடைக்கும் காலத்தையே 6 வாரமாகக் குறைத்தது. குடும்பங்கள் கஷ்டப்பட்டன என்று ஒரு வரியில் எழுதுவதைவிட, இப்படிப் படிப்படியாக இறங்குவதைக் காட்டினால் விடை திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

இந்த இழை அரசியலுக்குள் இரண்டு வாசல் வழியாக நுழைகிறது. முதல் வாசல் கஜானா. காப்பீட்டு நிதியின் ஓட்டையை யார் அடைப்பது என்று ஹெர்மன் முல்லரின் கூட்டணி அரசுக்குள் சண்டை வந்தது. அதற்குள் 3.5 சதவீதமாகியிருந்த சந்தாவை 4 ஆக உயர்த்தலாம் என்றது சமூக ஜனநாயகக் கட்சி. அதன் பின்னால் தொழிற்சங்கங்கள் நின்றன. தொழிலதிபர்களுக்கு நெருக்கமான ஜெர்மன் மக்கள் கட்சி முடியாது என்றது. வெறும் அரை சதவீதம்! 1930 மார்ச் 27-இல் அரசு விலகியது. முழுப் பெரும்பான்மையோடு நடந்த வைமர் என்று அழைக்கப்பட்ட அந்த ஜெர்மன் குடியரசின் கடைசி அரசு அதுதான். அடுத்துச் சான்சலராக வந்த புரூனிங் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாமல், அரசியலமைப்பின் 48-ஆம் பிரிவைக் கொண்டு அதிபரின் அவசரச் சட்டங்கள் மூலம் ஆண்டார். ஹிட்லர் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நாடாளுமன்ற ஆட்சி பழுதாகிவிட்டது, அதற்குத் தூண்டுகோலாக இருந்தது வேலையில்லாதவன் வீட்டுக்குப் போகும் தொகை. குடும்பத்தையும் அரசியலையும் இதைவிட இறுக்கமாகக் கட்டும் உதாரணம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வாசல் வாக்குப்பெட்டி. ஆனால் உதவித்தொகை வாங்கியவர்களைவிட, அது கிடைக்காதவர்கள்தான் இங்கே முக்கியம். சிறு கடைக்காரர், தச்சர், தையல்காரர், சிறு விவசாயி. சொந்தத் தொழில் என்பதால் இவர்களுக்குக் காப்பீடு இல்லை. வாடிக்கையாளர் கடன் சொல்லிவிட்டுப் போகிறார்; ஏழை உதவிச் செலவு நகராட்சியை நெருக்குகிறது; 1930 அவசரச் சட்டம் நகராட்சிகளுக்காகப் புதிய குடிமக்கள் வரியைக் கொண்டுவருகிறது. பக்கத்துத் தெருவில் கம்யூனிஸ்டுகள் வளர்வதைப் பார்க்கும் பயம் வேறு. இவர்களில், குறிப்பாகப் புராட்டஸ்டன்ட் பகுதிகளில் இருந்தவர்கள், பெருவாரியாக நாஜிகள் பக்கம் சாய்ந்தார்கள். விவசாயக் கடனில் தத்தளித்த ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் 1932 ஜூலையில் நாஜிகளுக்கு 51 சதவீதம் கிடைத்தது. நாடு முழுவதும் 37 சதவீதம்தான். 1928-இல் அதே கட்சி 2.6 சதவீதத்தில் கிடந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கப் பகுதிகள் பெரும்பாலும் தங்கள் மையக் கட்சியோடே நின்றன என்பதையும் விட வேண்டாம். பசி மட்டும் வாக்கைத் தீர்மானிக்கவில்லை என்பதற்கு அது நல்ல சான்று.

இந்த முறைக்கு ஒரு ஆபத்து உண்டு. இழையைப் பிடித்த உற்சாகத்தில், ஹிட்லர் பதவியேற்ற 1933 ஜனவரி 30 வரை அதையே இழுத்துவிடுவார்கள். 1932 நவம்பர் தேர்தலில், வேலையின்மை கடுமையாகவே இருந்தபோது, நாஜிகள் 37-இலிருந்து 33 சதவீதத்துக்கு இறங்கினார்கள். ஹிட்லர் சான்சலர் ஆனது பாப்பனும் அதிபர் ஹிண்டன்பர்க்கைச் சுற்றியிருந்தவர்களும் போட்ட திட்டத்தால். பெருமந்தம் அவரைக் கதவு வரை கொண்டுவந்தது. கதவைத் திறந்தவர்கள் சிலர் என்று எழுதிவிட்டு நிறுத்துவதே சரி.

கேள்வி அமெரிக்காவைப் பற்றியது என்றால்? அங்கே பாதி பாதி முறையே போதும் என்று தோன்றுகிறது, ஆனால் அமெரிக்கக் கேள்விக்கு ஒரே இழையில் நான் அதிகம் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். 1935 வரை அங்கே நாடு தழுவிய வேலையின்மைக் காப்பீடே கிடையாது. உதவி என்றால் நகராட்சி, மாநிலம், தேவாலயம், தொண்டு நிறுவனம். 1933-இல் உழைப்பாளர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் ஆயிரக்கணக்கில் மூடின. கோபம் நேராக அப்போதைய அதிபர் ஹூவர் மேல் திரும்பியது. 1932-இல் ரூஸ்வெல்ட் 472 தேர்வாளர் வாக்குகள் பெற்றார், ஹூவருக்கு 59. குடும்பத்துக்கும் அரசியலுக்கும் இடையே உள்ள தூரமே குறைவு என்பதால், பாதிகளை இணைக்கும் வாக்கியமும் அங்கே பொய்யாகிவிடாது.

பிரிட்டன் பற்றிய கேள்வியில் என் பக்கம் மறுபடி வலுவாகிறது. 1931 ஆகஸ்டில் பிரதமர் மெக்டொனால்டின் தொழிற்கட்சி அமைச்சரவை உடைந்ததே வேலையின்மை உதவியை 10 சதவீதம் வெட்டுவதா என்ற கேள்வியில்தான். வெட்டிய பிறகு, மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள ஒருவருக்கு வாரத்துக்கு 27 ஷில்லிங் 3 பென்ஸ். காப்பீட்டு உரிமை தீர்ந்தவர்களுக்குக் குடும்ப வருமானச் சோதனை வந்தது: மகன் சம்பாதித்தால் அப்பாவின் தொகை குறையும். அப்பாவின் பணத்தைக் காப்பாற்ற மகன் வீட்டை விட்டுப் போய் வாடகை அறையில் தங்கிய கதைகள் அங்கே நிறைய. ஆனால் அந்த நாட்டில் நாடாளுமன்றம் நிலைத்தது. அக்டோபர் தேர்தலில், பல கட்சிகள் சேர்ந்து அமைத்த தேசிய அரசு 554 இடங்கள் பிடித்தது, தொழிற்கட்சி 52-க்குச் சுருங்கியது. ஜெர்மனியைப் போலவே உதவித்தொகைச் சண்டையில் அரசு விழுந்தும் முடிவு வேறாக இருந்ததால், ஜெர்மன் கட்டுரையில்கூட இதை ஒரு பத்தி ஒப்பீடாக வைப்பேன். நேரம் போதவில்லை என்றால் அமெரிக்காவை விட்டுவிடுவேனே தவிர, இதை விட மாட்டேன்.