கெய்ரோ அட்டையை ஏன் மாற்றினேன்: அட்சக்கோடு, தீர்க்கக்கோடு பாடம், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு

ஒரு குளோப், ஒரு சார்ட், இருபது ஊர்ப் பெயர் அட்டைகள். இவற்றை வைத்துத்தான் நான்கு ஆண்டுகளாக ஆறாம் வகுப்புக்கு அட்சக்கோடு, தீர்க்கக்கோடு நடத்துகிறேன். எட்டாம் வகுப்புக்கும் ஒருமுறை திருப்பி நடத்துவதுண்டு.

சார்ட் நானே போட்டது. 20 பாகைக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டமும் 3.5 செ.மீ. அகலவாக்கில் 18 கட்டம், உயரவாக்கில் 9. மொத்தம் 63 செ.மீ.க்கு 31.5 செ.மீ. கடைச் சார்ட் தாளில் ஓரம் விட்டுக் கச்சிதமாக அடங்கும். அட்டையில் ஊர்ப் பெயர் மட்டும் இருக்கும். பிள்ளைகள் குளோப்பில் ஊரைத் தேடி, பாகையைப் படித்து, "13 வ, 80 கி" என்று அட்டையில் எழுதி, சார்ட்டில் ஒட்ட வேண்டும்.

முதல் ஆண்டு எல்லாம் சரியாகப் போனதாகத்தான் நினைத்தேன். அப்போது என் முதல் அட்டை கெய்ரோ. 30 வடக்கு, 31 கிழக்கு. வகுப்பே சரியாக ஒட்டியது. அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எண்களை மாற்றி, 31 வடக்கு, 30 கிழக்கு என்று எழுதியிருந்தாள். சார்ட்டில் அது கிட்டத்தட்ட அதே புள்ளி. குளோப்பில் பார்த்தால் அங்கே அலெக்சாந்திரியா இருக்கிறது! அதுவும் எகிப்துதான், 30 செ.மீ. குளோப்பில் நாலைந்து மில்லிமீட்டர் தள்ளி. அதாவது பிள்ளைகள் எதை முதலில் எழுதுகிறார்கள் என்பதே எனக்குத் தெரியாமல் ஓராண்டு ஓட்டியிருக்கிறேன்.

மாற்றி எழுதுவதற்குக் காரணமும் அப்புறம்தான் பிடிபட்டது. கணக்கு வகுப்பில் வரைபடத்தாள் வந்ததும், முதலில் கிடையாக எத்தனை, பிறகு மேலே எத்தனை என்று பழகிவிடுகிறார்கள். நாம் முதலில் சொல்லும் அட்சமோ மேலே கீழே போகிற எண். ஆறாம் வகுப்பைவிட எட்டாம் வகுப்பில் இந்தத் தவறு அதிகம் வருவது அதனால்தான்.

இப்போது முதல் அட்டை சென்னை. தவறினால் தவறு தானே காட்டிக்கொடுக்கும் ஊர் அது. எண்ணை மாற்றினால் 80 வடக்கு, 13 கிழக்கு. ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுகளின் வட ஓரம். "மிஸ், சென்னை ஐஸ்ல கிடக்குது" என்று அவர்களே கத்துவார்கள். வடக்கைத் தெற்காக்கினால் இந்தியப் பெருங்கடல். கிழக்கை மேற்காக்கினால் கரீபியன் கடல். இரண்டையும் மாற்றினால் பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக். 13, 80 எண்ணை அப்படியே வைத்து எழுத்தை மட்டும் மாற்றினால் கிடைக்கும் நான்கு இடங்களில் சென்னை மட்டும்தான் தரை.

அடுத்தது டோக்கியோ, 36 வடக்கு, 140 கிழக்கு. மாற்றினால் சார்ட்டே இடம் தராது, மேலே 90-க்கு மேல் வரிசை கிடையாதே. கெய்ரோவைத் தூக்கி எறியவில்லை. டர்பனோடு சேர்த்துப் பிற்பாடு கொடுக்கிறேன். டர்பன் 30 தெற்கு, 31 கிழக்கு. இரண்டு அட்டையிலும் எண் ஒன்றே, எழுத்து மட்டும் வேறு. குளோப்பில் பெரும்பாலும் எண் மட்டும்தான் அச்சாகியிருக்கும், வ, தெ இருக்காது. நிலநடுக்கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து எழுதும் பழக்கம் இந்த ஜோடியால்தான் வந்தது.

சார்ட் பொய் சொல்லும் இடமும் உண்டு. நார்வேயின் பெர்கன், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இரண்டும் ஏறக்குறைய 60 வடக்கில். இடையே 25 பாகை. ஆப்பிரிக்காவில் லிப்ரவில், கம்பாலா நிலநடுக்கோட்டை ஒட்டி. இடையே 23 பாகை. சார்ட்டில் அளந்தால் முதல் ஜோடி 4.4 செ.மீ., இரண்டாவது 4. நூலைக் குளோப்பில் வைத்தால் முதல் ஜோடி மூன்றேகால் செ.மீ.கூட இல்லை, இரண்டாவது 6. நிஜத்தில் சுமார் 1,370 கி.மீ., 2,570 கி.மீ. தீர்க்கக்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்குகின்றன என்று நான் வாயால் சொன்ன ஆண்டுகளில் யாருக்கும் ஏறாதது, நூல் பிடித்த பத்து நிமிடத்தில் ஏறியது.

குறை என்றால் குளோப்தான். முதலில் வாங்கியது 20 செ.மீ. மலிவுச் சரக்கு. அரைக்கோளங்கள் நிலநடுக்கோட்டில் ஒட்டப்பட்டவை. ஒட்டு 2 மி.மீ. விலகியிருந்தது. அந்த அளவு குளோப்பில் அது ஒரு பாகைக்கு மேல். தீர்க்கக்கோடு அங்கே உடைந்து பக்கத்தில் தொடரும், பிள்ளைகள் வேறு கோட்டுக்குத் தாவிவிடுவார்கள். இப்போதெல்லாம் கடையில் 0 பாகைக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். பழையதையும் வைத்திருக்கிறேன். சாய்ந்த அச்சிலிருந்து கழற்றி நேராகப் பிடிப்பதற்கு அது சௌகரியம். சாய்ந்தே இருந்தால், மேசைக்கு இணையாக விரலை ஓட்டி அதையே அட்சக்கோடு என்கிற பையன் ஆண்டுக்கு ஒருவனாவது வருகிறான்.