சின்னம்மாவின் மரணத்துக்கு எந்த லீவு?

இலங்கையில் தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவரின் வீட்டில் மரணம் நிகழ்ந்தால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நிறுவனம் தன் விதிகளில் தரும் மரண லீவு. மற்றது, 1954ஆம் ஆண்டின் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் தரும் கெசுவல் லீவு. என் சின்னம்மா காலமானபோது நான் எடுத்தது இரண்டாவதை.

மரண லீவு எடுத்தால் மற்ற லீவுகள் குறையாது. அதன் நன்மை அவ்வளவுதான். தனியார் துறையில் அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று இலங்கையில் சட்டம் இல்லை. ஆகவே யாரை உறவாகக் கொள்வது, எத்தனை நாள் கொடுப்பது, என்ன ஆதாரம் கேட்பது எல்லாவற்றையும் நிறுவனமே எழுதிக்கொள்கிறது. எங்கள் நிறுவனத்தின் பட்டியலில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளை, உடன்பிறந்தோர் மட்டுமே. மட்டக்களப்பில் இது பொருந்தாத பட்டியல். பெண் பிள்ளைகளுக்கு வீடு கொடுத்து அருகருகே குடிவைக்கும் ஊரில், சின்னம்மாவின் அடுப்படியிலும் வளர்ந்தவர்கள்தாம் நாங்கள்.

பட்டியலை நீட்டச் சம்மதித்தாலும் ஆதாரம் என்று ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. மரண அத்தாட்சிப் பத்திரம் ஒருவர் இறந்ததைக் காட்டுமே தவிர, அவர் எனக்கு யார் என்பதைக் காட்டாது. நம் பெயர்களின் முன்னெழுத்து தகப்பனுடையது. பெயரைப் பார்த்தும் உறவு பிடிபடாது. என் பிறப்புப் பத்திரத்தில் அம்மாவின் பெயர் இருக்கும். அம்மாவும் சின்னம்மாவும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்று காட்ட அவர்கள் இருவருடைய பிறப்புப் பத்திரங்களும் வேண்டும். போரிலும் 2004 சுனாமியிலும் பெட்டியோடு பத்திரங்களை இழந்த வீடுகள் இங்கே ஏராளம். பத்திரங்கள் இருந்தாலும் தாத்தாவின் பெயர் இரண்டிலும் ஒரே எழுத்தில் இருக்குமா? கிராம சேவகரின் கடிதமும், ‘பெறாமக்கள்’ வரிசையில் நம் பெயர் அச்சான மரண அறிவித்தலும் போதும் என்று ஏற்கும் மேலாளர் அமைந்தால் அதிர்ஷ்டம்.

கெசுவல் லீவில் இந்தச் சங்கடம் இல்லை. சொந்த அலுவல், சுகவீனம், வேறு நியாயமான காரணம் ஆகியவற்றுக்காக ஆண்டுக்கு 7 நாள் முழுச் சம்பளத்துடன் உண்டு. சட்டத்தில் உறவுப் பட்டியலே கிடையாது. செத்தவீடு நியாயமான காரணம் அல்ல என்று வாதிடும் முதலாளியை நான் இன்னும் காணவில்லை. அன்றைக்கே அடக்கம் செய்யும் காத்தான்குடி, சாய்ந்தமருது வீட்டாருக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கிளம்பும் இந்த லீவே தோது.

குறை, நாள் கணக்கில். முதல் ஆண்டில் இரண்டு மாதம் முடிந்தால்தான் ஒரு நாள் சேரும். ஏப்ரல் 1ஆம் திகதி சேர்ந்தவருக்கு ஆகஸ்ட் இறுதியில் 2 நாள்தான் இருக்கும். சவ அடக்கத்துக்குப் போதும், எட்டாம் நாள் சடங்குக்கு மிஞ்சாது. அத்தகையவர், அல்லது தாய் தகப்பனை இழந்தவர், நிறுவனத்தின் மரண லீவையே முதலில் கேட்கட்டும். பெற்றோர் என்றால் ஒரு பிறப்புப் பத்திரமே உறவைக் காட்டிவிடும்.

என் அனுபவம் அலுவலக வேலையோடு சரி. தொழிற்சாலையில் இருப்பவர்கள் இந்த 7 நாளை நம்பாமல் தங்கள் நியமனக் கடிதத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.