இரண்டு புஷ்பராகம், ஒரு கேள்வி

தம்பி மகளுக்குக் குரு திசை. வெள்ளவத்தைச் சோதிடர் மூன்று காரட் கனக புஷ்பராகம் எழுதிக் கொடுத்தார். செட்டியார் தெருவில் ஒரு கடைக்காரர் இரண்டு கற்களை வெள்ளைத் தாளில் வைத்தார். ஒன்று 3.05 காரட், தேன் நிறம்; காரட்டுக்கு 90,000 ரூபாய். மற்றது 2.84 காரட், எலுமிச்சை நிறம், 75,000. “இரண்டும் இயற்கைக் கல்தான், அக்கா” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. மண்ணில் விளைந்தது எல்லாமே இயற்கைக் கல்தான், உலையில் வைத்து நிறம் ஏற்றியதும்கூட. வெளிறிய மஞ்சள் கல்லைக் காற்றோட்டமுள்ள உலையில் கடும் சூட்டில் வைத்தால் அடர்ந்த பொன்னிறம் பெறும். சூடு காட்டாத கல் வேண்டுமென்றால் அதை அந்தச் சொல்லாலேயே கேட்க வேண்டும்.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தேன். தேன் நிறக் கல்லினுள் ஒரு சிறு படிகம். அதைச் சுற்றி வட்டத் தட்டுப்போல் பளபளக்கும் விரிசல். உள்ளிருக்கும் படிகம் சூட்டில் விரிந்தால் இப்படி ஆகும். எலுமிச்சைக் கல்லில் பட்டு நூல்போல் மெல்லிய ஊசிகள், முனை மழுங்காமல். கடும் சூட்டில் இந்த நூல்கள் கரைந்துவிடும். ஆகவே இதைக் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கல் உலை காணாததற்கு இது நல்ல அடையாளம். சோதிடரிடம் சொன்னேன், அவரும் ஏற்றுக்கொண்டார். உள்ளே எதுவுமே தெரியாத கல்லில் லென்ஸ் உதவாது. செயற்கைக் கல்லும் அப்படித்தான் துப்புரவாக இருக்கும்.

கண்ணை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கவில்லை. முன்பணம் வைத்து, இரண்டையும் இரத்தினக்கல் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகார சபைக்கும் கொழும்பில் அப்படியொரு கூடம் உண்டு. கனக புஷ்பராகம் நீலக்கல் இனத்தின் மஞ்சள் வகைதான்; ஆகவே அறிக்கையில் ‘இயற்கை நீலக்கல் இனம்’ என்ற வரி மட்டும் போதாது. வெப்பமூட்டிய அறிகுறி உண்டா இல்லையா என்ற வரியைத் தேடுங்கள். எடையும் மில்லிமீட்டர் அளவும் கையிலுள்ள கல்லோடு பொருந்த வேண்டும். பெரிலியம் சேர்த்துச் சூடாக்கிய கல்லைச் சாதாரண நுண்ணோக்கி தவறவிடலாம். அடர்ந்த நிறமும் பெரிய விலையும் சேர்ந்திருந்தால் அந்தச் சோதனையையும் கேளுங்கள்.

தேன் நிறக் கல் சூடு கண்டது, மற்றது காணாதது என்று அறிக்கை வந்தபின், தேன் நிறக் கல் காரட்டுக்கு 50,000க்கு இறங்கியது. நிறத்துக்காக மோதிரம் போடுபவருக்கு அந்த விலையில் அது நல்ல கல். எங்களுக்கு வேண்டியது சூடு காணாத மற்றது. மூன்று காரட்டைத் தாண்டினால் காரட் விலையே கூடுவது வழக்கம், 2.84 போதுமா என்று சோதிடரைக் கேட்டோம், சம்மதித்தார். கல்லின் அடிப்பகுதி தேவைக்கு மேல் ஆழமாக இல்லையா என்றும் பார்த்தேன். ஆழம் கூடினால் மேலே தெரியாத எடைக்கும் காசு போகும்.

2.84 காரட்டுக்கு 2,13,000 ரூபாய். ‘வெப்பமூட்டாதது, வேறாக அறிக்கை வந்தால் முழுப் பணமும் திரும்பும்’ என்று ரசீதில் எழுதி வாங்கிய பிறகே கல்லைத் தட்டாரிடம் கொடுத்தோம்.