மூலங்களை எண்ணும் இரு வழிகள்: முடிவுள்ள உட்கூட்டம் ஏன் வட்டக் கூட்டமாகிறது?

ஒரு புலத்தின் பூச்சியமல்லாத உறுப்புகள் பெருக்கலின் கீழ் அமைக்கும் கூட்டத்தினுள் எந்த முடிவுள்ள உட்கூட்டத்தை எடுத்தாலும், அது ஒரே உறுப்பின் வலுக்களால் முழுவதும் பெறப்படும் வட்டக் கூட்டமாகவே இருக்கும். யாழ்ப்பாணத்தில் இயற்கணிதம் கற்கும் மாணவரின் குறிப்புகளில் இதற்கு மூன்று நிறுவல்களைக் காணலாம். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே உண்மை: புலமொன்றில் d படியுள்ள பல்லுறுப்பிக்கு d இற்கு மேற்பட்ட மூலங்கள் இருக்க முடியாது. அந்த உண்மையை எந்த இடத்தில், எத்தனை முறை பயன்படுத்துகிறோம் என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

மூன்றாவதை முதலிலேயே முடித்துவிடலாம். முடிவுள்ள பரிமாற்றுக் கூட்டங்களின் அமைப்புத் தேற்றத்தின்படி, நமது கூட்டம் d₁, d₂, …, dₖ என்னும் வரிசைகளையுடைய வட்டக் கூட்டங்களின் நேர்ப்பெருக்கமாகும். இங்கு ஒவ்வொரு எண்ணும் அடுத்ததை வகுக்கும். ஆகவே எல்லா உறுப்புகளும் x^dₖ = 1 என்பதை நிறைவுசெய்யும்; மூலங்கள் dₖ இற்கு மேற்படாதாகையால் k = 1. இரண்டு வரியில் முடிகிறது என்பது உண்மையே. ஆனால் உண்மையான உழைப்பு முழுவதையும் வேறொரு பெரிய தேற்றத்தின் தலையில் கட்டிவிட்டு வரும் சுருக்கம் அது. மற்ற இரண்டுமே அலசத் தக்கவை. முதன்மை எண் மட்டில் கிடைக்கும் கூட்டத்துக்கு அவ்விரண்டு வழிகளையும் காவுஸ் 1801 இல் அடுத்தடுத்து வெளியிட்டார்.

முதல் வழி தூய எண்ணிக்கை. கூட்டத்தில் n உறுப்புகள் உள்ளன என்க. n ஐ வகுக்கும் d ஒன்றை எடுத்து, வரிசை d ஆகவுள்ள உறுப்புகள் எத்தனை என்று கேட்போம். ஒன்றுமே இல்லாதிருக்கலாம். ஆனால் a என்ற ஒன்று இருக்குமாயின், 1, a, a², …, a^(d−1) ஆகிய d வெவ்வேறு உறுப்புகளும் x^d − 1 இன் மூலங்களாகின்றன; மூலங்களுக்கான இடம் அத்துடன் நிரம்பிவிடுவதால், வரிசை d உள்ள வேறெந்த உறுப்பும் இந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்க முடியாது. பட்டியலினுள் aᵏ இன் வரிசை d ஆவது k உம் d உம் 1 தவிர்ந்த பொதுக்காரணி அற்றவையாக இருக்கும்போது மட்டுமே. அத்தகைய k க்களின் எண்ணிக்கையை φ(d) என்று குறிப்போம். ஆகவே விடை பூச்சியம் அல்லது φ(d); இடைப்பட்ட எதுவுமில்லை.

இனி 1/n, 2/n, …, n/n என்னும் n பின்னங்களையும் எளிய வடிவத்துக்குச் சுருக்கினால், பகுதியெண் d ஆக வருபவை சரியாக φ(d). எனவே n ஐ வகுக்கும் d எல்லாவற்றுக்கும் φ(d) ஐக் கூட்டினால் n வரும். கூட்டத்தின் உறுப்புகளை வரிசைப்படி பிரித்து எண்ணினாலும் அதே n தான் வரவேண்டும். ஏதேனுமொரு d க்குப் பூச்சியம் விழுந்தால் அக்குறையை வேறெந்த d யும் ஈடுசெய்ய முடியாது. ஆகவே d = n இற்கும் φ(n) உறுப்புகள் உள்ளன; அவைதாம் பிறப்பாக்கிகள்.

மட்டு 13 இல் இதை நேரே காணலாம். வரிசை 1 உடையது 1; வரிசை 2 உடையது 12; வரிசை 3 உடையவை 3, 9; வரிசை 4 உடையவை 5, 8; வரிசை 6 உடையவை 4, 10; வரிசை 12 உடையவை 2, 6, 7, 11. எண்ணிக்கைகள் 1 + 1 + 2 + 2 + 2 + 4 = 12. பன்னிரண்டில் ஒன்றாகத் தொடங்கும் பின்னங்களைச் சுருக்கிப் பார்த்தாலும் இதே பகிர்வு கிடைக்கும்.

இந்த நிறுவலின் குறை, பிறப்பாக்கி எது என்பதைச் சொல்லாமலே இருக்கிறது என்று உறுதிசெய்வது. மட்டு 41 ஐ எடுத்துப் பாருங்கள். 2¹⁰ = 1024, அதன் மீதி 40, அதாவது −1; ஆகவே 2 இன் வரிசை 20. 3⁴ = 81 உம் −1 ஆகிறது; ஆகவே 3 இன் வரிசை 8. 4 உம் 5 உம் கூடப் பிறப்பாக்கிகள் அல்ல. திருநெல்வேலியில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இந்த இடத்தில், “சேர், இப்பிடியே ஒவ்வொண்டாப் போட்டுப் பாக்கிறதே வழி?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மறுமொழி தருவது இரண்டாம் வழி.

அதில் முதலில் n ஐ முதன்மைக் காரணிகளாக்க வேண்டும். q என்ற முதன்மை எண்ணின் வலு qᵃ என்பது n இல் உள்ள மிகப் பெரிய q-வலு என்க. x^(n/q) − 1 இற்கு n/q இற்கு மேற்பட்ட மூலங்கள் இல்லை. கூட்டத்திலோ n உறுப்புகள் உண்டு. எனவே மூலமாகாத x ஒன்று கட்டாயம் அகப்படும். அதன் n/qᵃ ஆம் வலுவை y என்றால், y இன் qᵃ ஆம் வலு 1; அதற்கு ஒரு படி குறைந்த q^(a−1) ஆம் வலுவோ x^(n/q), அது 1 அல்ல. ஆகவே y இன் வரிசை சரியாக qᵃ. ஒவ்வொரு முதன்மைக் காரணிக்கும் இவ்வாறு ஒன்றைப் பெற்று யாவற்றையும் பெருக்கினால் வரிசை n வரும்.

41 இற்கு n = 40 = 8 × 5. q = 2 இற்கு 3²⁰ = (−1)⁵ = −1 ஆதலால் x = 3 பொருந்தும்; y = 3⁵ = 243, மீதி 38, அதாவது −3. q = 5 இற்கு 2⁸ = 256, மீதி 10; அது 1 அல்லவாகையால் 10 ஐயே எடுத்துக்கொள்ளலாம். (10⁵ − 1 = 99999 = 41 × 2439 என்பதால் 10 இன் வரிசை 5. 1/41 இன் தசமம் 02439 என்று ஐந்தைந்து இலக்கமாகச் சுழல்வதும் இதனாலேயே.) பெருக்கம் −30, அதாவது 11. சரிபார்ப்போம்: 11² = 121, மீதி −2. எனவே 11²⁰ = (−2)¹⁰ = −1; 11⁸ = (−2)⁴ = 16. இரண்டும் 1 அல்ல. ஆகவே 11 பிறப்பாக்கி. தனித்தனியே தோற்ற 2 உம் 3 உமே அதைப் பெற்றுத் தந்தன.

இங்கே மாணவர் வழுவும் இடம் ஒன்றுண்டு. வரிசைகளின் பொது மடங்குகளுட் சிறியதே பெருக்கத்தின் வரிசை என்று எழுதிவிடுவார்கள். மட்டு 13 இல் 5 உம் 8 உம் வரிசை 4 உடையவை. அவற்றின் பெருக்கம் 40, மீதி 1, வரிசையும் 1. வரிசைகள் பொதுக்காரணி அற்றவையாக இருந்தால்தான் அக்கூற்று நிற்கும். qᵃ என்று பிரித்து எடுப்பது அதற்காகவே.

பரீட்சையில் எழுதுவதற்கு நான் முதல் வழியையே தேர்வேன். பின்னங்களைச் சுருக்கும் ஒரு படியைத் தவிர வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. பிறப்பாக்கிகள் φ(40) = 16 என்ற எண்ணிக்கையும் உடன் கிடைக்கிறது; எழுந்தமானமாக எடுத்த உறுப்பு பிறப்பாக்கியாக அமையும் வாய்ப்பு 40 இல் 16 என்பது தேடுபவருக்குப் பயன்படும். கணிப்பதற்கோ இரண்டாம் வழியே வேண்டும். ஆனால் n ஐக் காரணிப்படுத்த முடியாதபோது அது நின்றுவிடும்.

இரண்டும் ஒரே இடத்தில் உடையும் என்பதையும் கவனிக்க வேண்டும். மட்டு 8 இல் x² − 1 இற்கு 1, 3, 5, 7 என நான்கு மூலங்கள் உள்ளன. x = 3 எனில் (x − 1)(x + 1) = 2 × 4 = 8; காரணிகளில் எதுவும் பூச்சியமாகாமலே பெருக்கம் பூச்சியமாகிறது. அந்நான்கும் அமைக்கும் கூட்டத்தில் வரிசை 4 உடைய உறுப்பு ஒன்றுமில்லை. குவாட்டேர்னியன்களில் பூச்சியத்தின் காரணிகள் இல்லை. எனினும் பெருக்கல் பரிமாற்றுத்தன்மை அற்றது. அங்கே x² + 1 இற்கு முடிவிலி மூலங்கள். ±1, ±i, ±j, ±k என்னும் எட்டும் அமைக்கும் கூட்டம் பரிமாற்றுக் கூட்டம் கூட அல்ல. முதல் நிறுவலின்படி வரிசை 4 உடையவை φ(4) = 2 ஆக இருக்கவேண்டும்; இங்கோ ஆறு உள்ளன, வரிசை 8 உடையது ஒன்றும் இல்லை.