மெசேஜ் வரும்வரை காத்திருப்பதா, முந்தைய இரவே மாற்றிவிடுவதா?

வேலூர் காந்தி ரோட்டில் சின்னதாக ஒரு டிக்கெட் கடை வைத்திருக்கிறேன். புயல் சின்னம் என்று டி.வி.யில் வந்துவிட்டால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ஃப்ளைட் ரத்தானா அவங்களே மெசேஜ் அனுப்புவாங்கல்ல சார்?" அனுப்புவார்கள். ஆனால் அந்த மெசேஜ் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே, சில சமயம் ஒரு நாள் முன்பே, விமான நிறுவனம் தன் இணையதளத்தில் வேறொரு அறிவிப்பைப் போட்டிருக்கும். இன்னின்ன ஊர், இன்னின்ன தேதி, டிக்கெட் வைத்திருப்பவர்கள் கட்டணம் இல்லாமல் பயணத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அது. தொழிலில் இதை வெய்வர் என்போம். விமானம் ரத்தாகியிருக்க வேண்டியதில்லை, உங்களுக்கு யாரும் போன் செய்திருக்க வேண்டியதில்லை. அறிவிப்பில் உங்கள் ஊரும் தேதியும் இருந்தால் போதும்.

இரண்டு வழியையும் அருகருகே வைத்துப் பார்க்க 2024 நவம்பர் 30 மாதிரி ஒரு நாள் கிடைக்காது. ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த சனிக்கிழமை அது. என் கடையில் டிக்கெட் எடுத்த இரண்டு குடும்பங்கள் அன்று ஒரே விமானத்தில், சென்னையிலிருந்து டெல்லிக்குப் பிற்பகல் 3.20க்குப் போக வேண்டியிருந்தது.

முதல் குடும்பம் சத்துவாச்சாரியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும். மகளுக்குப் பிரசவ தேதி நெருங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அந்த நிறுவனத்தின் அறிவிப்பு வந்ததைப் பார்த்து நான் போன் போட்டேன். சென்னையில் 30, 1 தேதிகளில் கிளம்பும் அல்லது வந்துசேரும் பயணங்களுக்கு ஒரே ஒருமுறை இலவச மாற்றம், ஏழு நாளுக்குள் அதே ஊர்களுக்கு இடையே பயணம் செய்தால் கட்டண வித்தியாசமும் இல்லை என்று அதில் இருந்தது. "தள்ளிப்போடணுமாய்யா?" என்றார் ஆசிரியர். தள்ளிப்போடத் தேவையில்லை ஐயா, முன்னால் கொண்டுவரலாம் என்றேன். நிறைய பேர் கவனிக்காத இடம் இது. மாற்றம் என்றாலே பிந்தைய தேதி என்று நினைக்கிறார்கள். பல வெய்வர்கள் புயலுக்கு முந்தைய விமானத்துக்கும் இடம் தருகின்றன. சனிக்கிழமை காலை 6.15 விமானத்தில் இரண்டு சீட் இருந்தது. நடுராத்திரி 1 மணிக்குக் கார் பிடித்தார்கள். மழையில் விமானம் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பினாலும், மதியச் சாப்பாட்டுக்கு மகள் வீட்டில் இருந்தார்கள்.

இரண்டாவது, காட்பாடி காந்தி நகரைச் சேர்ந்த தம்பி ஒருவர், மனைவி, கைக்குழந்தை. அவரிடமும் அதே மாலை சொன்னேன். "மெசேஜ் வரட்டும் சார், இப்ப இங்க தூறல்கூட இல்லையே" என்றார். வேலூரில் இருந்துகொண்டு வானத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் முடிவாவது மீனம்பாக்கத்து ஓடுபாதையில். 10 மணிக்குக் கிளம்பினார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது மெசேஜ் வந்தது. அன்று நண்பகலுக்கு மேல் விமான நிலையத்தையே மூடினார்கள். முதலில் மாலை 7 மணி வரை என்றார்கள், பிறகு அதை மறுநாள் அதிகாலை 4 மணி வரை நீட்டினார்கள். கார் அங்கேயே திரும்பியது, போக வர வாடகை மட்டும் மிச்சம். நிறுவனத்தின் கம்ப்யூட்டர் அவரைத் தானாகவே 2ஆம் தேதி இரவு விமானத்துக்கு மாற்றி வைத்திருந்தது. 1ஆம் தேதிக்கு மாற்றப் பார்த்தேன், டெல்லிக்கு ஒரு சீட்கூட இல்லை. ரத்தான அத்தனை விமானங்களின் பயணிகளும் அந்த ஒரு நாளுக்குள் நுழையப் பார்த்தார்கள்.

இரண்டு பேருக்கும் டிக்கெட் விலை ஒன்று, உரிமையும் ஏறக்குறைய ஒன்று. ஒருவருக்குச் சீட் காலியாக இருந்தபோது தேர்வு கிடைத்தது. மற்றவருக்குச் சீட் தீர்ந்த பிறகு கிடைத்தது. சென்னைவாசிக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு உறைக்காது, மெசேஜ் வரும்போது வீட்டில் இருப்பார். நமக்கு விமான நிலையம் மூன்று மணி நேரப் பயணம். ரத்து மெசேஜ் பெரும்பாலும் நம்மை ரோட்டில்தான் பிடிக்கும். அதனால்தான் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு முந்தைய இரவே மாற்றுவது நல்லது என்று அடித்துச் சொல்கிறேன்.

நஷ்ட ஈடு கிடைக்குமே என்று காத்திருப்பவர்களும் உண்டு. நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம், தேர்வு பயணியுடையது. அதற்கு மேல் தரும் ஈட்டுத்தொகை, நிறுவனத்தின் கையில் இல்லாத காரணத்தால் ரத்தானால் கிடையாது. புயல் அந்தக் கணக்கில்தான் வரும். ஆக, புயலுக்காகக் காத்திருப்பதில் கூடுதல் காசு எதுவும் இல்லை.

சரி, காத்திருப்பது எப்போது சரி? பயணமே வேண்டாம், பணம்தான் வேண்டும் என்றால். அதே வாரம் ஆற்காட்டிலிருந்து ஒருவர் வந்தார். கொல்கத்தாவில் அவர் போக வேண்டிய கூட்டமே ஒத்திவைக்கப்பட்டிருந்தது. அவருடைய நிறுவனத்தின் அறிவிப்பில் தேதி மாற்றம் மட்டும்தான் இலவசம், பணம் திரும்பத் தருவது பற்றி ஒரு வரியும் இல்லை. அவராக ரத்து செய்திருந்தால் வழக்கமான ரத்துக் கட்டணம் பிடித்திருப்பார்கள். எதையும் தொடாதீர்கள், தேதியையும் மாற்றாதீர்கள் என்றேன். மாற்றிவிட்டால் புது விமானம் ஒழுங்காகப் பறக்கும், முழுப் பணம் கேட்கும் உரிமை போய்விடும். மறுநாள் நிறுவனமே ரத்து செய்தது, முழுப் பணமும் வந்தது. இப்படிக் காத்திருப்பதில் ஒரு ஆபத்து உண்டு. விமானம் தப்பித்தவறிப் பறந்துவிட்டால், நீங்கள் போகாதவர் கணக்கில் சேர்ந்துவிடுவீர்கள். அதனால் கிளம்பும் நேரத்துக்குச் சில மணி நேரம் முன்பு வரை விமானத்தின் நிலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னும் ரத்தாகவில்லை என்றால், கெடு முடிவதற்குள் இலவசத் தேதி மாற்றத்தையாவது எடுத்துக்கொள்ள வேண்டும். போக, வர ஒரே டிக்கெட் என்றால் இது இன்னும் முக்கியம். போகும் பயணத்தைச் சொல்லாமல் விட்டால், சில நிறுவனங்களில் திரும்பும் பயணமும் சேர்ந்து ரத்தாகிவிடும்.

அறிவிப்பைப் படிக்கும்போது இரண்டு வரியை மட்டும் நிறுத்திப் படியுங்கள். ஒன்று, எந்தத் தேதிக்கு முன் எடுத்த டிக்கெட்டுக்கு என்பது. அறிவிப்பு வந்த பிறகு புதிதாக வாங்கிய டிக்கெட்டுக்குச் சலுகை பெரும்பாலும் பொருந்தாது. இன்னொன்று, எதைத் தள்ளுபடி செய்கிறார்கள் என்பது. மாற்றுக் கட்டணம் வேறு, கட்டண வித்தியாசம் வேறு. முதலாவதை மட்டும் விட்டுக்கொடுத்தால், நீங்கள் 5,000 ரூபாய்க்கு எடுத்த டிக்கெட்டை இன்று 11,000 விற்கும் விமானத்துக்கு மாற்ற 6,000 கட்ட வேண்டிவரும். அப்புறம், வெப் செக்-இன் செய்திருந்தால் முதலில் அதை ரத்து செய்தால்தான் பல இணையதளங்களில் மாற்றும் பக்கமே திறக்கும். அது தெரியாமல், கால் சென்டரில் ஒரு மணி நேரம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வழி ஒன்று நம் ஊரில் எப்போதும் பேச்சில் இருக்கும், பெங்களூரு. சென்னை மூடினால் ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போய்விடலாமே என்பார்கள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. வெய்வர் பெரும்பாலும் அதே இரண்டு ஊர்களுக்கு இடையேதான். கிளம்பும் ஊரை மாற்றினால் புது டிக்கெட் போலக் கணக்கிடுவார்கள். கேட்டுப் பார்க்கலாம், சில நேரம் விடுகிறார்கள். ரோடும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது, விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில். எல்லாவற்றுக்கும் மேல், கரையேறிய புயல் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஃபெங்கல் உள்ளே நகர்ந்து வந்து கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. சென்னையைத் தவிர்த்து அந்தப் பக்கம் போனவர்கள் புயலின் பின்னாலேயே போனார்கள்.

வேலைநிறுத்தம் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். புயல் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது, வேலைநிறுத்தத்துக்குப் பெரும்பாலும் தொடக்கமும் முடிவும் அறிவித்துவிடுவார்கள். 2025 மார்ச் 10, திங்கட்கிழமை, ஜெர்மனியில் ஃப்ராங்க்ஃபர்ட், மியூனிக் உள்பட 13 விமான நிலையங்களில் வெர்டி தொழிற்சங்கம் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தது. அறிவிப்பு வந்தது வெள்ளிக்கிழமை. இங்கே வி.ஐ.டி.யில் படித்துவிட்டு அங்கே மேற்படிப்பில் இருக்கும் ஒரு பையன், திங்கட்கிழமை காலை ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஹாம்பர்க் விமானம் பிடிப்பதாக டிக்கெட் வைத்திருந்தான். சனிக்கிழமை காலையில் அவன் அப்பாவோடு வந்தான். "11ஆம் தேதிக்குப் போடுங்க அண்ணா" என்றான். 12 போடலாம் தம்பி என்றேன். வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள்தான் மிச்சமிருக்கும் எல்லாக் கூட்டமும் ஏறும். விமானங்களும் ஊழியர்களும் அவரவர் இடத்துக்கு வந்துசேர்ந்திருக்கவும் மாட்டார்கள். கட்டணமில்லாமல் 12ஆம் தேதிக்கு மாறியது.

ஆனால் அவன் அப்பா ஒன்று கேட்டார், நல்ல கேள்வி. "ஐரோப்பாக்காரன் 600 யூரோ தருவானாமே, நாமே மாத்திட்டா அது போயிடாதா?" போய்விடும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணம் கடைசி நேரத்தில் ரத்தானால் 600 யூரோ. அங்கத்திய நிறுவனத்தின் விமானம் என்றால் சென்னையிலிருந்து கிளம்பினாலும் பொருந்தும், வளைகுடா நிறுவனம் என்றால் பொருந்தாது. நாமாகத் தேதியை மாற்றிக்கொண்டால் ரத்து என்ற பேச்சே இல்லை. ஆனால் யார் வேலைநிறுத்தம் செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். விமான நிலைய ஊழியர் என்றால் அது நிறுவனத்தின் கைக்கு அப்பாற்பட்டது, ஈடு கிடைப்பது அரிது. நிறுவனத்தின் சொந்த விமானிகள் என்றால் ஈடு உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021ல் சொல்லியிருக்கிறது. 2022 செப்டம்பர் 2 அன்று லுஃப்தான்சா விமானிகள் செய்தது அந்த இரண்டாவது ரகம். அப்படிப்பட்ட நாளில், இரண்டு நாள் தாமதமானால் பரவாயில்லை என்பவர் காத்திருப்பதில் தப்பே இல்லை.

மார்ச் 10 முதல் ரகம். அவனுக்கு வியாழக்கிழமை காலை பரிசோதனைக் கூடத்தில் இருந்தாக வேண்டும். அதனால் அப்பாவிடம் 600 யூரோவை மறந்துவிடுங்கள் என்றேன். புது டிக்கெட்டை அச்செடுத்துக் கொடுத்தபோது, 12ஆம் தேதி ஹாம்பர்க் இணைப்பில் ஏழு சீட்தான் பாக்கி என்று திரை காட்டியது.