முக்கோணங்களிலிருந்து வொரோனாய் எல்லைகள்: scipy.spatial.Delaunay நீண்டகாலப் பயன்பாட்டில்

பெங்களூரில் மழைநீர் வடிகால்களுக்கான கணக்கீடுகளைச் செய்யும் சிறு குழுவொன்றில் பணியாற்றுகிறேன். நகரில் ஒரே மாலையில் ஒரு பகுதியில் கொட்டித் தீர்க்கும் மழை சில கிலோமீட்டர் தள்ளித் தூறலோடு நின்றுவிடுவதால், எந்த மழைமானியின் அளவீடு எந்தப் பரப்புக்குப் பொருந்தும் என்று பிரித்துக்கொள்வதே எங்களுடைய முதல் வேலை. அதற்கு 1911இல் தீசன் முன்வைத்த பலகோண முறையையே இன்றும் பின்பற்றுகிறோம். அருகிலுள்ள மழைமானி எதுவோ அதற்கே அந்த நிலம் உரியது என்பதுதான் விதி. கணிதத்தில் இதற்கு வொரோனாய் வரைபடம் என்று பெயர். சில ஆண்டுகளாக இதை பைத்தானில், சைபை நூலகத்தின் டெலானே முக்கோணப் பிரிப்பைக் கொண்டு செய்துவருகிறேன்.

அதே நூலகத்தில் `scipy.spatial.Voronoi` தயாராக இருக்கும்போது முக்கோணங்கள் வழியே ஏன் சுற்றிவர வேண்டும் என்று கேட்கலாம். மழைமானிகளுக்கு இடைப்பட்ட மதிப்புகளைக் கணிக்க அந்த முக்கோணப் பிரிப்பு எங்களுக்கு எப்படியும் தேவைப்படுகிறது என்பது ஒரு காரணம். முடிவில்லாமல் நீளும் ஓரக் கலங்களை அந்த வகுப்பும் -1 என்று குறித்துவிட்டு நம்மிடமே ஒப்படைக்கிறது என்பது இன்னொரு காரணம். கடினமான பகுதியை எப்படியும் நாமே எழுதியாக வேண்டும் என்றால், அதை நமக்குத் தெளிவாகப் புரிகிற அமைப்பிலிருந்து தொடங்குவதே மேல்.

அந்த அமைப்பு எளிமையானது. `simplices` ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைகளையும் இடஞ்சுழி வரிசையில் தருகிறது. `neighbors` அந்தந்த முனைக்கு எதிர்ப்பக்கத்தை ஒட்டிய முக்கோணத்தின் எண்ணைத் தருகிறது. அப்பக்கம் வெளிவிளிம்பாக இருந்தால் -1. ஒரு மழைமானியைச் சுற்றியுள்ள முக்கோணங்களை வரிசையாக நடந்து, அவற்றின் சுற்றுவட்ட மையங்களைக் குறித்துக்கொண்டே வந்தால், அந்த மழைமானிக்குரிய கலத்தின் மூலைகள் சரியான வரிசையில் கிடைத்துவிடும். நடையை இப்படி எழுதியிருக்கிறேன்:

```python
def ring(tri, v):
    def step(t, d):
        k = list(tri.simplices[t]).index(v)
        return tri.neighbors[t][(k + d) % 3]
    first = t = tri.vertex_to_simplex[v]
    while step(t, 2) not in (-1, first):
        t = step(t, 2)
    out = [t]
    while (n := step(out[-1], 1)) not in (-1, out[0]):
        out.append(n)
    return out, n == out[0]
```

முதல் சுழற்சி வலஞ்சுழியாகப் பின்னோக்கிப் போகிறது. வெளிவிளிம்பில் உள்ள புள்ளி என்றால் அது ஓரத்து முக்கோணத்தில் நின்றுவிடும். இரண்டாவது சுழற்சி அங்கிருந்து இடஞ்சுழியாக நடந்து திரும்புகிறது. கலம் மூடியதா, திறந்ததா என்பதைக் கடைசி மதிப்பு சொல்லும். இந்தப் பின்னோக்கிய நடை இல்லாமல் எழுதினால் உட்புறப் புள்ளிகளுக்கு எல்லாம் சரியாக வரும். ஓரத்துப் புள்ளிகளுக்கு மட்டும் கலத்தின் ஒரு பகுதி சத்தமின்றி விடுபட்டுப்போகும்.

கையால் சரிபார்க்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டை எப்போதும் கூடவே வைத்திருக்கிறேன். அலகு கிலோமீட்டர். நடுவில் அ (0, 0). சுற்றிலும் ஆ (4, 0), இ (2, 4), ஈ (-4, 0), உ (0, -4). இவை நான்கு முக்கோணங்களாகப் பிரியும். எல்லா முக்கோணங்களுக்கும் பொதுவான அ ஆதிப்புள்ளியில் இருப்பதால், சுற்றுவட்ட மையத்தைக் காண இரண்டு மையக்குத்துக்கோடுகள் வெட்டும் இடத்தைப் பார்த்தாலே போதும். அ–ஆ கோட்டுக்கு அது x = 2. அ–இ கோட்டுக்கு x + 2y = 5. ஆகவே அஆஇ முக்கோணத்தின் மையம் (2, 1.5). இவ்வாறே அஇஈ முக்கோணத்துக்கு (-2, 3.5), அஈஉ முக்கோணத்துக்கு (-2, -2), அஉஆ முக்கோணத்துக்கு (2, -2) என்று வருகிறது. இந்த நான்கு மூலைகளால் ஆன அ கலத்தின் பரப்பு 18 சதுர கிலோமீட்டர்.

மற்ற நான்கு கலங்களும் வெளியே திறந்தவை. ஒவ்வொரு வெளிவிளிம்புக்கும் அதன் முக்கோணத்து மையத்திலிருந்து ஒரு கதிர் புறப்பட வேண்டும். மையத்திலிருந்து விளிம்பின் நடுப்புள்ளியை நோக்கிய திசையே கதிரின் திசை என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆ–இ விளிம்பில் அது சரிதான்: மையம் (2, 1.5), நடுப்புள்ளி (3, 2), திசை (1, 0.5), வெளிநோக்கியது. ஈ–உ விளிம்பில் மையமும் நடுப்புள்ளியும் ஒன்றே, ஏனென்றால் அ முனையில் செங்கோணம் இருக்கிறது; திசை சுழியமாகி, அலகு நீளமாக்கும் வகுத்தல் அங்கே உடைந்துவிடும். இ–ஈ விளிம்பில் இன்னும் மோசம். அ முனையில் விரிகோணம் இருப்பதால் மையம் (-2, 3.5) ஏற்கெனவே விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கிறது, அங்கிருந்து நடுப்புள்ளி (-1, 2) நோக்கிப் போனால் (1, -1.5) என்ற திசையில் கதிர் உள்ளே திரும்பி அ கலத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு செல்லும். புதிதாகச் சேர்ந்த ஓசூர்த் தம்பி ஒருவர் தம்முடைய வரைபடத்தைக் காட்டி, "அண்ணா, எல்லாக் கோடும் வெளியே போகுது, இது ஒண்ணு மட்டும் ஏன் உள்ளே பாயுது?" என்று கேட்டது இதைத்தான்.

சரியான திசைக்கு மையம் எங்கே விழுந்தது என்பதைப் பார்க்கவே தேவையில்லை. விளிம்பை இடஞ்சுழி வரிசையில் p–q என்று எடுத்து, q − p = (dx, dy) எனில், வெளிநோக்கிய திசை எப்போதும் (dy, −dx). இ–ஈ விளிம்பில் q − p = (-6, -4); திசை (-4, 6), வெளியே. ஈ–உ விளிம்பில் (4, -4) என்பதிலிருந்து (-4, -4) கிடைக்கிறது, சிக்கலே இல்லை. `simplices` இடஞ்சுழி வரிசையைக் காப்பதால் இந்த விதி கூடுதல் சோதனை எதுவுமின்றி நிற்கிறது. இந்த நூலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த உறுதிமொழி இதுதான்.

ஐந்து கலங்களையும் இரு அச்சுகளிலும் -6 முதல் 6 வரையிலான சதுரத்துக்குள் நறுக்கினால், அ 18, ஆ 26, இ 30.08, ஈ 37.92, உ 32 எனப் பரப்புகள் வரும். கூட்டுத்தொகை 144, சதுரத்தின் பரப்பும் அதுவே. இந்தக் கூட்டல் சோதனையை ஒவ்வொரு ஓட்டத்திலும் செய்கிறேன். ஆனால் இரண்டு கலங்கள் தமக்குள் பெயர் மாறிக்கொண்டால் கூட்டுத்தொகை மாறாது. அதனால் சதுரத்துக்குள் எழுந்தமானமாகச் சில ஆயிரம் புள்ளிகளைத் தூவி, ஒவ்வொன்றும் எந்தக் கலத்துக்குள் விழுகிறது என்பதை `cKDTree` சொல்லும் அருகிலுள்ள மழைமானியோடு ஒப்பிடுகிறேன். முதல் சோதனை ஓட்டையையும் மேற்பொருந்தலையும் பிடிக்கும்; இரண்டாவது சோதனை பெயர்க் குழப்பத்தைப் பிடிக்கும்.

நாள்பட்ட பயன்பாட்டில் அடிக்கடி தலைகாட்டுவது ஓரத்து ஒல்லி முக்கோணங்கள். 10 கிலோமீட்டர் நீள விளிம்பொன்றின் நடுவே, விளிம்பிலிருந்து வெறும் 10 மீட்டர் உள்ளே ஒரு மழைமானி இருக்கிறது என்று கொள்வோம். அந்த முக்கோணத்தின் சுற்றுவட்ட ஆரம் ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர். மையம் நாட்டின் வேறெங்கோ போய் விழும். இதைக் கண்டதும் பிழை என்று எண்ணி, தொலைவில் உள்ள மையங்களை நீக்கும் வரியைச் சேர்ப்பவர்கள் உண்டு. அது தேவையற்றது என்பதோடு தீங்கானதும்கூட. மையம் அங்கேதான் இருக்க வேண்டும். நகர எல்லைக்குள் தெரியும் கலத்தின் பக்கங்கள் அந்தத் தொலைப்புள்ளியை நோக்கியே சரியாகச் செல்கின்றன. உண்மையான ஆபத்து கதிரின் நீளத்தில் இருக்கிறது. பரப்பின் அகலத்தைப் போல் இரு மடங்கு என்று நிலையான நீளம் கொடுத்துக் கதிர்களின் நுனிகளை நேர்கோட்டால் இணைத்தால், ஏறக்குறைய எதிரெதிராக விரியும் இரண்டு கதிர்களுக்கு இடையே அந்தக் கோடு நகர எல்லைக்குள்ளேயே நுழைந்து, கலத்தின் ஒரு மூலையை வெட்டிவிடும்.

இதனாலேயே இப்போது நகர எல்லைக்கான பரப்புக் கணக்கில் நான் கதிர்களைப் பயன்படுத்துவதில்லை. எல்லைச் செவ்வகத்தை எடுத்துக்கொண்டு, மழைமானியின் அண்டைப் புள்ளிகளை `vertex_neighbor_vertices` வழியே படித்து, ஒவ்வோர் அண்டையோடும் வரும் மையக்குத்துக்கோட்டால் அந்தச் செவ்வகத்தை ஒவ்வொன்றாக நறுக்குகிறேன். டெலானே அண்டைகள் மட்டுமே போதும், மற்ற மழைமானிகளைத் தொடவே வேண்டாம் என்பதுதான் முக்கோணப் பிரிப்பு இங்கே தரும் உதவி. ஒல்லி முக்கோணமோ முடிவிலியோ எதுவும் குறுக்கே வருவதில்லை. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு: பக்கத்துப் பக்கத்துக் கலங்களின் பொது எல்லை இரண்டு முறை தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால், கடைசி இலக்கங்களில் இம்மியளவு வேறுபடலாம். எல்லைக்கோட்டையே தனிக் கோடாகச் சேமிக்க வேண்டிய வேலைகளுக்கு இன்னமும் `ring` நடைதான், ஏனென்றால் அதில் ஒரு மூலை ஒரே ஒரு சுற்றுவட்ட மையம், எல்லாக் கலங்களும் அதையே பகிர்ந்துகொள்கின்றன.

உள்ளீட்டைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே கொடுக்கக் கூடாது. பெங்களூரின் அட்சத்தில் ஒரு பாகை தீர்க்கரேகையின் நீளம் ஒரு பாகை அட்சரேகையை விட இரண்டு, மூன்று சதவீதம் குறைவு. சிறிய வேறுபாடுதான், ஆனால் மையக்குத்துக்கோடு அதனால் சாய்ந்துவிடும். நாங்கள் EPSG:32643 முறைக்கு மாற்றிவிட்டு, நகரின் நடுவே ஓர் ஆதிப்புள்ளியைக் கழித்த பிறகே முக்கோணம் பிரிக்கிறோம். கழிக்காவிட்டால் வடக்குத் தொலைவு பதினான்கு லட்சம் மீட்டருக்கு மேல் வரும். அதன் வர்க்கங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கும்போது துல்லியம் வீணாகிறது. அடுத்தது, ஒரே இடத்தில் இரண்டு பதிவுகள். மழைமானியை மாற்றிவிட்டுப் பழைய எண்ணையும் பட்டியலில் விட்டுவைத்திருந்தால், இரண்டில் ஒன்று `coplanar` பட்டியலுக்குப் போய்விடும்; அந்த எண் எந்த முக்கோணத்திலும் இராது என்பதால் `index` பிழை எழுப்பும். அந்தப் பட்டியல் காலியா என்று முதலிலேயே பார்த்துவிட்டால் தேடும் நேரம் மிச்சம்.

நான்கு மழைமானிகள் ஒரே வட்டத்தில் அமைந்தால், அதாவது சதுரக் கட்டத்தின் மூலைகளைப் போல இருந்தால், மூலைவிட்டம் எந்தப் பக்கம் போடப்படும் என்பது தற்செயல். இரண்டு முக்கோணங்களுக்கும் மையம் ஒன்றே என்பதால் கலத்தின் வடிவம் கெடாது. ஆனால் மூலைவிட்டத்தால் இணைந்த இருவரும் அண்டைகள் என்று பட்டியல் சொல்லும். அவர்களுடைய பொது எல்லையின் நீளமோ சுழியம். அண்டைப் பட்டியலை வைத்துப் பழுதான மழைமானிக்கு மாற்று மதிப்பு கணிக்கும்போது இது வேண்டாத ஒருவரை உள்ளே கொண்டுவருகிறது. எனவே பொது எல்லையின் நீளம் ஒரு மீட்டருக்குக் குறைவாக இருந்தால் அந்த இணைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீளத்தை நகர எல்லைக்குள் நறுக்கிய பிறகே அளக்க வேண்டும், ஏனென்றால் ஓரத்து மழைமானிகள் சிலவற்றின் பொது எல்லை முழுவதும் நகருக்கு வெளியேதான் கிடக்கிறது.