நூறு கிராம் பாதாமில் எத்தனை கலோரி? நான்கு கணக்கு, நான்கு விடை

தோல் நீக்காத பாதாம் நூறு கிராமில் புரதம் 21.2 கிராம், கொழுப்பு 49.9 கிராம், கார்போஹைட்ரேட் 21.6 கிராம் இருக்கிறது. அந்த 21.6 கிராமில் 12.5 கிராம் நார்ச்சத்து. புரதத்துக்கு நாலு, கார்போஹைட்ரேட்டுக்கு நாலு, கொழுப்புக்கு ஒன்பது என்று பெருக்கிக் கூட்டினால் 620 கலோரி வருகிறது. அதே பாதாமுக்கு அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை 579 என்கிறது. நார்ச்சத்தைத் தனியாகப் பிரித்துக் கணக்கிட்டால் 595. மனிதர்களுக்குக் கொடுத்து, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்தால் 460 அளவில்தான் நிற்கிறது.

| கணக்கு முறை | 100 கிராம் பாதாம் (கலோரி) |
|---|---|
| பொதுவான 4-4-9 | 620 |
| நார்ச்சத்துக்கு மட்டும் 2 | 595 |
| உணவுக்கு உணவு தனிப் பெருக்கெண் | 579 |
| மனிதரில் அளந்தது | சுமார் 460 |

முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் நடுவே 160 கலோரி இடைவெளி. கலோரி எண்ணிச் சாப்பிடுகிறவர்களிடம் நான் தொடர்ந்து பார்ப்பது என்னவென்றால், இந்த நான்கையும் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறார்கள். எது எங்கே பொருந்தும் என்று தெரிய, ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று தெரிய வேண்டும்.

4-4-9: சராசரி மனிதரின் சராசரிச் சாப்பாடு

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவர் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர். 1890களில் வேலை செய்தவர். உணவை பாம் கலோரிமீட்டருக்குள் வைத்து, ஆக்சிஜன் அழுத்தத்தில் எரித்து, வரும் வெப்பத்தை அளந்தார். அப்படி எரித்தால் ஒரு கிராம் புரதம் 5.65 கலோரி தருகிறது, நாலு அல்ல. கொழுப்பு 9.4, கார்போஹைட்ரேட் 4.15.

உடல் அடுப்பு மாதிரி எல்லாவற்றையும் எரிப்பதில்லை. தின்றதில் ஒரு பங்கு செரிக்காமல் மலத்தில் போய்விடும். அன்றைய அமெரிக்கச் சாப்பாட்டில் புரதத்தில் 92 சதவீதமும், கொழுப்பில் 95 சதவீதமும், கார்போஹைட்ரேட்டில் 97 சதவீதமும் உட்கிரகிக்கப்படுவதாக அட்வாட்டர் கண்டார். புரதத்துக்கு இன்னொரு இழப்பும் உண்டு. அதன் நைட்ரஜனை உடலால் எரிக்க முடியாது. யூரியாவாக்கிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. அந்த யூரியாவோடு கிராமுக்கு 1.25 கலோரி கைநழுவுகிறது. ஆக புரதத்தின் கணக்கு இப்படி: 5.65இலிருந்து 1.25ஐக் கழித்தால் 4.4, அதில் 92 சதவீதம் 4.05. கொழுப்பு 9.4இல் 95 சதவீதம் 8.9. கார்போஹைட்ரேட் 4.15இல் 97 சதவீதம் 4.03. இவற்றை முழு எண்ணாக்கினால் 4, 9, 4.

கழிவு எல்லாம் இந்த எண்களுக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஆனால் அது ரொட்டி, இறைச்சி, பால், காய்கறி கலந்த ஒரு நாள் சாப்பாட்டின் கழிவு. ஒரு தனி உணவுக்கு அதைப் போடுவது, ஊரின் சராசரி உயரத்தை வைத்து ஒருவருக்குச் சட்டை தைப்பது மாதிரி. கலந்த சாப்பாட்டுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது, அதனால் இதை வீசிவிட வேண்டியதில்லை. தனியாக ஒரு பாதாமுக்கோ கடலைக்கோ போடும்போதுதான் விலகுகிறது.

விலகல் எப்போதும் கூடுதலாகவே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பச்சரிசி நூறு கிராமில் புரதம் 7.1, கொழுப்பு 0.7, கார்போஹைட்ரேட் 80 கிராம் என்று வையுங்கள். 4-4-9இல் 355 வரும். வெள்ளை அரிசிக்கென்றே உள்ள பெருக்கெண்களில் 366 வரும். காரணம் மாவுச்சத்தின் வேதியியல்: குளுக்கோஸ் துண்டுகள் கோத்து மாவுச்சத்தாகும்போது ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு கழன்றுவிடுகிறது. அதனால் ஒரு கிராம் மாவுச்சத்தை எரித்தால் ஏறக்குறைய 4.2 கலோரி, ஒரு கிராம் குளுக்கோஸை எரித்தால் 3.75 மட்டும். வெள்ளை அரிசி ஏறத்தாழ முழுவதும் மாவுச்சத்து, செரிமானமும் சுலபம். ஆகவே சோற்றுக்கு நாலு என்பது சற்றே குறைவான எண்.

நார்ச்சத்தைத் தனியே பிரிப்பது

பல அட்டவணைகளில் கார்போஹைட்ரேட்டை நேரடியாக அளப்பதில்லை. நூறிலிருந்து நீர், புரதம், கொழுப்பு, எரித்தபின் மிஞ்சும் சாம்பல் ஆகியவற்றைக் கழித்து, மிச்சமெல்லாம் கார்போஹைட்ரேட் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த மிச்சத்தில் நார்ச்சத்தும் உட்கார்ந்திருக்கிறது. நம் சிறுகுடலின் நொதிகளால் அதை வெட்ட முடியாது. ஆனால் பெருங்குடலில் உள்ள பாக்டீரியா அதில் ஒரு பகுதியைப் புளிக்கவைத்து, அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் போன்ற குறுகிய கொழுப்பமிலங்களாக்குகின்றன; அவற்றைக் குடல் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. மீதி வாயுவாகவும், பாக்டீரியாவின் சொந்த உடலாகவும், தொடப்படாத நாராகவும் வெளியேறும். இதையெல்லாம் சேர்த்துச் சராசரியாகக் கிராமுக்கு 2 கலோரி என்று உலக உணவு வேளாண் அமைப்பு 2003இல் பரிந்துரைத்தது. ஐரோப்பிய லேபிள் விதியும் அதையே எடுத்துக்கொண்டது.

இதுவும் சராசரிதான். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசின் பெருங்குடலில் பெரும்பாலும் புளித்துவிடும். கோதுமைத் தவிட்டின் செல்லுலோஸ் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். இரண்டுக்கும் 2 என்று போடுகிறோம்.

இங்கேதான் வீட்டுக் கணக்கில் பெரிய தவறு நடக்கிறது. அமெரிக்க லேபிளில் கார்போஹைட்ரேட் என்ற வரிக்குள் நார்ச்சத்தும் இருக்கும். ஐரோப்பிய லேபிளில் இருக்காது, தனி வரியாக நிற்கும். ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையும் நார்ச்சத்தை நீக்கிய கார்போஹைட்ரேட்டையே தருகிறது; ஆற்றலைக் கிலோஜூலில் தருவதால் 4.184ஆல் வகுக்க வேண்டும். ஏற்கெனவே கழித்துவைத்த எண்ணிலிருந்து மறுபடி நார்ச்சத்தைக் கழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பருப்பு, சுண்டல் மாதிரி நார் மிகுந்த உணவில் அந்தப் பிழை கணிசமானது. எந்த லேபிள் என்று சந்தேகம் வந்தால், அதில் உள்ள எண்களை நீங்களே பெருக்கிப் பாருங்கள். எந்தக் கூட்டுத்தொகை அச்சிட்ட கலோரியோடு ஒத்துவருகிறதோ, அந்த முறையில்தான் போட்டிருக்கிறார்கள்.

பாதாமில் இந்தத் திருத்தம் குறைத்தது வெறும் 25 கலோரி. அளந்த எண்ணுக்குப் போக இன்னும் 135 குறைய வேண்டும்.

உணவுக்கு உணவு தனிப் பெருக்கெண்

அமெரிக்க வேளாண் துறையில் மெரில், வாட் என்ற இருவர் 1955இல் ஒவ்வோர் உணவு வகைக்கும் தனித்தனிப் பெருக்கெண்களைத் தொகுத்தார்கள். முட்டைப் புரதத்துக்கு 4.36, பருப்பு மற்றும் கொட்டை வகைகளின் புரதத்துக்கு 3.47, காய்கறிப் புரதத்துக்கு 2.44 என்று போகிறது. தாவரக் கொழுப்புக்கு 8.37. கொட்டையின் கார்போஹைட்ரேட்டுக்கு 4.07. இவற்றைப் பாதாமில் போட்டால் புரதம் 73.6, கொழுப்பு 417.7, கார்போஹைட்ரேட் 87.9, கூட்டினால் 579. அட்டவணையில் உள்ள எண் இப்படித்தான் வந்தது.

4-4-9ஐவிட இது நுட்பமானது, தனி உணவுக்கு நான் இதையே விரும்புவேன். என்றாலும் இது கொட்டையை ஒரு பொருளாகவே பார்க்கிறது. முழுதாகத் தின்றாலும், இடித்துத் தின்றாலும், விழுதாக அரைத்துத் தின்றாலும் ஒரே எண்.

மனிதரில் அளப்பது

2012இல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகத்தில் நோவோட்னி, கெபாவர், பேர் ஆகியோர் 18 பேருக்குப் பாதாம் சேர்த்தும் சேர்க்காமலும் கட்டுப்படுத்திய சாப்பாடு கொடுத்தார்கள். மலம், சிறுநீர் அத்தனையையும் சேகரித்து, அவற்றையும் கலோரிமீட்டரில் எரித்தார்கள். உள்ளே போனதிலிருந்து வெளியே வந்ததைக் கழித்தால் உடலுக்குக் கிடைத்தது. 28 கிராம் பாதாமுக்கு விடை 129 கலோரி. பொதுக் கணக்கு 168 முதல் 170 வரை சொல்லியிருக்கும்.

எஞ்சியது எங்கே போனது? பாதாம் பருப்பின் எண்ணெய், செல்லுக்குள் நுண்ணிய துளிகளாக அடைபட்டிருக்கிறது. நாம் மெல்லும்போது உடைவது துகளின் விளிம்பில் இருக்கும் செல்கள் மட்டும். உள்ளே இருக்கும் செல்களின் சுவர் அப்படியே நிற்கும். கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் நொதி அந்தச் சுவரைத் தாண்ட முடியாமல் நிற்கிறது. அந்தச் சுவர் என்ன? அதுதான் நார்ச்சத்து. லேபிளில் 12.5 கிராமாக எழுதி, கிராமுக்கு 2 என்று மதிப்புப் போட்டோமே, அதே நார். அதன் சொந்தக் கலோரி சில்லறை. அது பூட்டிவைத்திருக்கும் எண்ணெயின் கலோரிதான் பெரிய தொகை. இந்த இடத்தை நாலும் இரண்டும் ஒன்பதும் எட்டவே முடியாது, ஏனென்றால் அவை நாரை எடையாக மட்டும் அறிகின்றன, சுவராக அறிவதில்லை.

இதற்கு நேரடிச் சான்று 2016இல் அதே ஆய்வகத்திலிருந்து வந்தது. பச்சைப் பாதாமை முழுதாகத் தின்றால் கிராமுக்கு 4.42 கலோரி கிடைத்தது. வறுத்து முழுதாகத் தின்றால் 4.86. வறுத்து நறுக்கியதில் 5.04. விழுதாக அரைத்ததில் 6.53, இது 4-4-9 சொல்வதோடு ஒத்துப்போனது. வறுக்கும்போது நீர் குறைவதால் கிராமுக்குக் கலோரி ஓரளவு ஏறும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் நறுக்கியதற்கும் விழுதுக்கும் இடையே உள்ள அந்தப் பெரிய தாவலுக்கு நீர் காரணமல்ல. ஆட்டுக்கல் செல் சுவரைக் கிழித்துவிட்டது.

நம் வீட்டு வேர்க்கடலைக்கும் இதே கதைதான். 1980இல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், முழுக் கடலை தின்றவர்களின் மலத்தில் போன கொழுப்பு, கடலை வெண்ணெய் தின்றபோது போனதைவிட இரு மடங்குக்கும் மேல். அவித்த கடலையை மென்று தின்பதும், அதே எடைக் கடலையைச் சட்னியாக அரைப்பதும் லேபிளில் ஒன்று, குடலில் வேறு.

இந்த முறையின் குறை அதன் உழைப்பு. ஓர் உணவுக்கு ஒரு விடை பெற, வாரக்கணக்கில் பத்துப் பதினைந்து பேர் வேண்டும். முந்திரி, அக்ரூட், பிஸ்தா ஆகியவற்றுக்கும் செய்திருக்கிறார்கள். அங்கேயும் அளந்த எண் குறைவுதான், ஆனால் பிஸ்தாவில் வித்தியாசம் சிறிது, அக்ரூட்டில் பெரிது. ஒன்றின் எண்ணை மற்றதற்குப் போட முடியாது. ஒருவர் எவ்வளவு மெல்லுகிறார் என்பதும் விடையை மாற்றும். இன்னொன்று: இது உடலுக்குள் சேர்ந்த ஆற்றலை மட்டும் சொல்கிறது. புரதத்தைச் செரித்துப் பயன்படுத்தவே உடல் செலவழிக்கும் வெப்பம் இதிலும் கழிக்கப்படவில்லை.

நான் எதை எடுப்பேன்

நாள் முழுக்கச் சோறு, சாம்பார், பொரியல், மோர் என்று கலந்து சாப்பிடும் ஒருவருக்கு 4-4-9 போதும். அதில் வரும் பிழை, குழம்பில் ஊற்றிய எண்ணெயைக் கண்ணளவில் மதிப்பிடும் பிழையைவிடச் சிறியது. பருப்பு, சுண்டல், சிறுதானியம் மிகுதியாக உண்பவருக்கு நார்ச்சத்தைப் பிரித்து 2 போடுவேன், லேபிள் எந்த வகை என்று பார்த்த பிறகு. தனி உணவுகளை ஒப்பிடும்போது, அரிசியும் முட்டையும் மாதிரி, தனிப் பெருக்கெண் அட்டவணையை எடுப்பேன்.

தினமும் கைப்பிடி பாதாமோ கடலையோ முழுதாகத் தின்கிறவர் லேபிளில் உள்ள எண்ணைப் பார்த்துப் பயந்து நிறுத்தினால், அவரிடம் அளந்த எண்ணைச் சொல்வேன். அதையே மிக்ஸியில் அரைத்துப் பாலில் கலக்கிக் குடிக்கிறவருக்கு 620ஐ ஒட்டிய எண்ணே சரி.